150 டாலர் கொடுக்க வேண்டாம், 1,20,000 டாலர் கொடுக்கலாம்

எங்கள் அலுவலகத்தில் ஒரு படிவம் உண்டு. ஊழியர் யாராவது உடல்நிலை காரணமாக வேலையில் ஒரு மாற்றம் கேட்டால், மேலாளர் அதை நிரப்பி ஹெச்.ஆர். மேசைக்கு, அதாவது எனக்கு, அனுப்ப வேண்டும். கடைசிப் பக்கத்தில் மூன்று கட்டங்கள்: ஒப்புதல், மாற்று ஏற்பாடு, நிராகரிப்பு. நிராகரிப்புக்குப் பக்கத்தில் காரணம் எழுத ஒரு கோடு. மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை மாலை அந்தக் கோட்டில் "அளவுமீறிய சிரமம்" என்று இரண்டே வார்த்தை எழுதிக் கையெழுத்துப் போட்டு மேலாளர் அனுப்பியிருந்தார். நானும் அதை அப்படியே கோப்பில் வைக்க இருந்தேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் அதுதான் நடந்தது.

நியூ ஜெர்சியில் இருக்கும், மருத்துவர்களுக்காகக் காப்பீட்டு பில் போட்டு வசூலித்துக் கொடுக்கும் நிறுவனம் எங்களுடையது. சுமார் எழுபது பேர். கேட்டவர் தொலைபேசிப் பிரிவில் இருந்த ஒரு பெண்மணி. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயாளி. அந்த நோயில் சோர்வு என்பது நாம் சொல்கிற அசதி இல்லை, எழுந்து நிற்கவே முடியாமல் போகும். அவருக்கு அது காலையில்தான் மோசம். எட்டு மணிக்குத் தொடங்கும் வேலையைப் பத்தரைக்குத் தொடங்கி, மாலை ஏழு வரை இருந்து முடித்துக் கொடுக்கிறேன் என்றார். அவ்வளவுதான் அவர் கேட்டது.

இந்த மாதிரி மாற்றத்துக்கு அமெரிக்கச் சட்டம் வைத்திருக்கும் பெயரைத் தமிழில் போட்டால் "நியாயமான தங்குமிடம்" என்று மொழிபெயர்ப்புக் கருவி காட்டுகிறது. லாட்ஜில் ரூம் போடுகிற விஷயம் இல்லை. வேலை செய்யத் தகுதி உள்ள ஒருவர், தன் உடல் நிலையோடு அந்த வேலையைச் செய்வதற்கு, வேலை நடக்கும் முறையிலோ இடத்திலோ நேரத்திலோ முதலாளி செய்து தரும் மாற்றம். நான் இங்கே "நியாயமான ஏற்பாடு" என்றே எழுதுகிறேன். 1990-இல் வந்த மாற்றுத்திறனாளிகள் சட்டம், 15 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் எந்த நிறுவனமும் இதைச் செய்து தர வேண்டும் என்கிறது. (மாநிலச் சட்டங்கள் தனி.) செய்ய முடியாது என்று சொல்ல முதலாளிக்கு ஒரு வாசல் திறந்து வைத்திருக்கிறது: அந்த ஏற்பாடு அளவுமீறிய சிரமம் தரும் என்று அவர் காட்ட வேண்டும். காட்ட வேண்டியவர் முதலாளி, ஊழியர் அல்ல. சட்டத்தின் சொற்படி, கணிசமான கஷ்டம் அல்லது கணிசமான செலவு.

சரி, கணிசம் என்றால் எவ்வளவு?

எனக்கு இந்தக் கேள்வியே அன்றைக்கு வரைக்கும் தோன்றவில்லை. படிவத்தை எங்கள் வழக்கறிஞருக்கு வழக்கம்போல் அனுப்பினேன். திங்கட்கிழமை காலை போன் வந்தது. "சிரமம் என்று எழுதியிருக்கிறீர்கள். எத்தனை டாலர் சிரமம்? யாருடைய டாலர்?" என்று கேட்டார். என்னிடம் இரண்டுக்கும் பதில் இல்லை. "பதில் கிடைத்த பிறகு பேசலாம்" என்று வைத்துவிட்டார். மணிக்கணக்கில் பணம் வாங்குகிறவர் அத்தனை சுருக்கமாகப் பேசி நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை.

"யாருடைய டாலர்" என்ற இரண்டாவது கேள்விதான் எல்லாம். அதைப் புரிந்துகொள்ள, பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை மீது நடந்த வழக்கைப் படித்தேன். அப்போதிலிருந்து புது மேலாளர்களுக்குப் பயிற்சி கொடுக்கும்போதெல்லாம் அதையே சொல்கிறேன்.

காது கேளாத ஒரு செவிலியர். சைகை மொழி பேசுபவர். அந்தப் பல்கலைக்கழகத்திலேயே செவிலியர் படிப்புப் படித்தவர்; படிக்கும்போது மருத்துவமனைப் பயிற்சியைச் சைகை மொழிபெயர்ப்பாளர் துணையோடு முடித்திருக்கிறார். மருத்துவமனை வேலை கொடுக்க முன்வந்தது. மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று அவர் கேட்டதும், கொடுத்த வேலையைத் திரும்ப எடுத்துக்கொண்டது. காரணம், செலவு. ஒரு மொழிபெயர்ப்பாளருக்கு ஆண்டுக்குச் சுமார் 1,20,000 டாலர் ஆகும். ஒரு செவிலியரின் சம்பளத்தையே தாண்டும் தொகை. மேலோட்டமாகப் பார்த்தால் யாருமே "இது நியாயமா?" என்றுதான் கேட்பார்கள். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஒரு ஆளை வேலைக்கு எடுக்க இரண்டு ஆள் சம்பளமா?

2016 ஜனவரியில் நீதிமன்றம் அதை எப்படிப் பார்த்தது என்றால், 1,20,000 என்ற எண்ணை அந்தச் செவிலியரின் சம்பளத்துக்குப் பக்கத்தில் வைக்கவில்லை. மருத்துவமனையின் மொத்தச் செயல்பாட்டு பட்ஜெட்டுக்குப் பக்கத்தில் வைத்தது. அது ஆண்டுக்கு 170 கோடி டாலர். 1,20,000-ஐ அதால் வகுத்தால் 0.007 சதவீதம். அவர் வேலை பார்க்கவிருந்த மருத்துவத் துறையின் பட்ஜெட் மட்டும் என்று எடுத்தாலும் 8.8 கோடி, அதில் இது 0.14 சதவீதம்தான். நாம் பள்ளியில் படித்த பின்னம்தான். மேலே இருக்கும் எண் மாறவில்லை. கீழே என்ன போடுகிறோம் என்பதில் தீர்ப்பு மாறிவிட்டது.

மருத்துவமனை இன்னொரு வாதமும் வைத்தது: இப்படிப்பட்ட ஏற்பாடுகளுக்கு என்று எங்கள் பட்ஜெட்டில் தனியாகப் பணமே ஒதுக்கவில்லை. இதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது, ஏனென்றால் எங்கள் மேலாளரும் இதையேதான் சொல்லியிருந்தார். நீதிபதி அதை ஏற்கவில்லை. முதலாளி தானே பட்ஜெட் போடுகிறார், தானே அதில் பூஜ்யம் எழுதுகிறார், பிறகு அந்தப் பூஜ்யத்தைக் காட்டித் தப்பிக்கலாம் என்றால், சிரமமா இல்லையா என்ற தீர்ப்பை வழக்கில் நிற்கும் முதலாளியிடமே கொடுத்துவிட்டதாக ஆகிவிடும் அல்லவா?

இந்தச் சட்டம் சிரமத்தை எடைபோடச் சொல்லும் விஷயங்கள் எல்லாம் இந்தப் பின்னத்தின் மேலேயும் கீழேயும் வருபவைதான். மேலே: ஏற்பாடு என்ன மாதிரி, நிகரச் செலவு எவ்வளவு. நிகரம் என்று சொல்வதைக் கவனியுங்கள். வெளியிலிருந்து வரும் உதவித்தொகை, வரிச்சலுகை இவற்றைக் கழித்துவிட்டுத்தான் கணக்கு. சிறு தொழில்களுக்கு இதற்கென்றே ஒரு வருமான வரிச் சலுகை இருக்கிறது. ஆண்டுக்கு அதிகபட்சம் 5,000 டாலர். வேலையாட்கள் 30 பேருக்கு மேல் போகாத, அல்லது ஆண்டு வரவு 10 லட்சம் டாலரைத் தாண்டாத கடைகளுக்கு அது. எங்களுக்குக் கிடைக்காது, ஆனால் எங்கள் வாடிக்கையாளர்களான மருத்துவர்களில் பாதிப் பேருக்குக் கிடைக்கும், யாரும் கேட்பதில்லை. கீழே: அந்தக் கிளையின் வசதி, அது ஒரு பெரிய நிறுவனத்தின் கிளையானால் அந்த நிறுவனத்தின் வசதி, எத்தனை பேர் வேலை செய்கிறார்கள், தொழில் எப்படி நடக்கிறது, இந்த மாற்றம் அதை எப்படிப் பாதிக்கும்.

பணம் மட்டுமே கணக்கு இல்லை என்பதற்கு அரசு வழிகாட்டுதலில் ஒரு உதாரணம் இருக்கிறது. மங்கலான வெளிச்சத்தில் நடக்கும் ஒரு இரவு விடுதி. அங்கே பரிமாறுகிற ஒருவருக்குப் பார்வைக் குறைவு. விளக்கை எல்லாம் பளிச்சென்று போடுங்கள் என்கிறார். செலவு ஒன்றுமில்லை, சுவிட்சைத் தட்டினால் போதும். ஆனால் விடுதியின் சூழலே போய்விடும், அதனால் மறுக்கலாம். காசே ஆகாத ஒன்று அளவுமீறிய சிரமம். 1,20,000 டாலர் ஆகிற ஒன்று சிரமமில்லை.

இப்போது தலைப்பில் சொன்ன 150-க்கு வருகிறேன். உண்மையில் இரண்டு 150 இருக்கின்றன.

முதலாவது விஸ்கான்சின் மாநில அரசு அலுவலகம். சக்கர நாற்காலியில் இருந்த ஒரு பெண் ஊழியர். புதிய அலுவலகக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு தளத்திலும் சின்னச் சமையலறை, அதில் கழுவும் தொட்டி 36 அங்குல உயரத்தில். 34 அங்குலமாக வையுங்கள், எனக்கு எட்டும் என்று, சமையலறைகள் கட்டப்படும் முன்னாலேயே அவர் கேட்டார். இரண்டே அங்குலம். குழாய் வேலை முடிந்துவிட்டது என்று மறுத்தார்கள். அவர் தளத்தில் மட்டும் 34 அங்குலத்தில் ஒரு தட்டு அடித்துக் கொடுத்தார்கள். தண்ணீருக்குக் கழிப்பறையில் இருக்கும் கை கழுவும் தொட்டி எட்டும், அங்கே போய்க்கொள்ளலாம் என்றார்கள். அவர் தளத்தின் தொட்டியை இறக்க ஆகும் செலவு சுமார் 150 டாலர். எல்லாத் தளங்களுக்கும் சேர்த்தால் 2,000 வரை. 1995-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அரசு பக்கம் தீர்ப்புச் சொன்னது.

ஒரு மாநில அரசுக்கு 150 டாலர் சிரமமா? இல்லை. நீதிமன்றமும் அப்படிச் சொல்லவில்லை. இங்கேதான் நிறைய மேலாளர்கள் குழம்புகிறார்கள். இரண்டு வாசல்கள் இருக்கின்றன. முதல் வாசல், கேட்கிற ஏற்பாடு நியாயமானதா, அதாவது செலவுக்குத் தக்க பலன் அதில் இருக்கிறதா. அதைத் தாண்டினால்தான் இரண்டாவது வாசல், இந்த முதலாளிக்கு அது அளவுமீறிய சிரமமா. தொட்டி வழக்கு முதல் வாசலிலேயே நின்றுவிட்டது. கழிப்பறையில் ஒரு தொட்டி எட்டுகிறது, வேலை நடக்கிறது, எல்லாரும் பயன்படுத்தும் அதே தொட்டிதான் வேண்டும் என்பதற்காக, சின்னத் தொகையானாலும், முதலாளி செலவு செய்யச் சட்டம் கட்டாயப்படுத்தாது என்றார் நீதிபதி ரிச்சர்ட் போஸ்னர். செலவையும் பலனையும் தராசில் வைத்துப் பார்க்கும் பொருளாதாரச் சிந்தனைக்குப் பேர் போனவர்.

எனக்கு இந்தத் தீர்ப்பு பிடிக்கவில்லை. அலுவலகத்தில் எல்லாரும் காபிக் கோப்பையைச் சமையலறையில் கழுவும்போது ஒருவர் மட்டும் அதைக் கழிப்பறைக்கு எடுத்துப்போக வேண்டும் என்பதைப் "பலன் குறைவு" என்று யார் தீர்மானிப்பது? ஆனாலும் மேலாளர்களிடம் இந்த வழக்கைச் சொல்கிறேன், ஏனென்றால் கேட்டதையே கேட்ட மாதிரிக் கொடுக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை என்பது இதிலிருந்து தெளிவாகும். பலன் தருகிற வேறு ஏற்பாடு இருந்தால் அதைக் கொடுக்கலாம். வேலையின் மையமான கடமையையே நீக்கித் தர வேண்டியதும் இல்லை.

எங்கள் கதைக்குத் திரும்புகிறேன். வழக்கறிஞர் கேட்ட முதல் கேள்வி, எத்தனை டாலர். மேலாளரோடு உட்கார்ந்தேன். "காலை எட்டு மணிக்கு கிளினிக்குகள் திறந்ததும் போன் அடித்துக்கொண்டே இருக்கும், அந்தப் பிரிவில் இரண்டே பேர், ஒருவர் இல்லாவிட்டால் எப்படி?" என்றார். நியாயமான கவலைதான். தொலைபேசிப் பதிவை எடுத்துப் பார்க்கலாம் என்றேன். நான்கு வாரப் பதிவு. திங்கட்கிழமை காலைகளில் அவர் சொன்னது உண்மை. எட்டுக்கும் பத்தரைக்கும் நடுவே ஒருவரால் சமாளிக்க முடியாத அளவுக்கு அழைப்புகள், காத்திருந்து துண்டித்துப்போனவையும் நிறைய. செவ்வாய் முதல் வெள்ளி வரை ஒருவர் போதும், சில நாட்களில் அவரே சும்மா உட்கார்ந்திருக்கிறார். மேலாளருக்கே ஆச்சரியம். திங்கட்கிழமைச் சத்தம் அவர் காதில் வாரம் முழுக்க ஒலித்துக்கொண்டிருந்திருக்கிறது.

ஆக, பிரச்சினை வாரத்துக்கு இரண்டரை மணி நேரம். பகுதிநேர ஆளுக்கு மணிக்கு 24 டாலர் என்றால் வாரத்துக்கு 60. ஆண்டுக்கு 3,120. எங்கள் ஆண்டு வருமானத்தோடு ஒப்பிட்டால் 0.05 சதவீதம் சொச்சம். மேலாளர் முதலில் அதைத் தன் பிரிவின் இதரச் செலவுக் கணக்கோடு ஒப்பிட்டுப் பெரிய தொகை என்றார். அது ஹாப்கின்ஸ் செய்த தவறேதான், கொஞ்சம் சின்ன அளவில்.

இன்னொன்று நாங்கள் எதிர்பார்க்காதது. கலிபோர்னியாவில் அலுவலகம் வைத்திருக்கும் காப்பீட்டு நிறுவனங்கள் எங்கள் நேரத்துக்கு மூன்று மணி பின்னால். அவர்களைப் பிடிக்க மாலை ஐந்துக்கு மேல்தான் வசதி, ஆனால் எங்களிடம் அந்த நேரத்தில் ஆளே இருக்காது. ஏழு மணி வரை இருக்கும் இந்தப் பெண்மணி நிலுவையில் கிடந்த பில்களை ஒவ்வொன்றாகப் போன் போட்டுத் தீர்க்க ஆரம்பித்தார். இதைச் சொல்லும்போது ஜாக்கிரதையாக இருக்க விரும்புகிறேன்: லாபம் வந்தது என்பதால் அந்த ஏற்பாடு சரி என்று ஆகிவிடாது. லாபம் வராவிட்டாலும் 3,120 டாலர் எங்களுக்குச் சிரமம் இல்லை.

நிஜமான சிரமம் வேறொரு இடத்தில் வந்தது. அந்தப் பிரிவின் இன்னொருவர் இரண்டு வாரம் விடுமுறை கேட்டார். அப்போது காலையில் யாருமே இல்லை. அந்த இரண்டு வாரம் மட்டும் பகுதிநேர ஆளைத் தினமும் வரவழைத்தோம். அவரும் உடம்பு சரியில்லாமல் ஒரு நாள் வராதபோது மேலாளரே ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார், முகம் தூக்கி வைத்துக்கொண்டு. மூன்று மாதத்துக்கு ஒரு முறை உட்கார்ந்து பார்ப்பது என்று எழுத்தில் வைத்துக்கொண்டோம். நாலு பேர் வேலை செய்யும் கடையாக இருந்திருந்தால் இதே ஏற்பாடு நிற்காமல் போயிருக்கலாம், அது வேறு விஷயம். அங்கே இந்தச் சட்டமே பொருந்தாது.

சக ஊழியர் ஒருவர் என்னிடம் வந்து, "அவருக்கு மட்டும் பத்தரையா? எனக்கும் காலையில் எழுந்திருக்கக் கஷ்டம்தான்" என்றார். காரணத்தைச் சொல்ல முடியாது, மருத்துவ விவரம் ரகசியம். மற்றவர்களின் முணுமுணுப்பு சிரமக் கணக்கில் சேராது. மனத்தாங்கல், பயம், வெறுப்பு எதுவும் சேராது. மற்றவர்கள் வேலை செய்யவே முடியாதபடி ஆனால்தான் சேரும். வழிகாட்டுதலில் இதற்கும் உதாரணம் உண்டு. ஒருவருக்காக அலுவலகம் முழுக்க வெப்பத்தை ஏற்றி மற்றவர்களை வேகவைக்க வேண்டியதில்லை, ஆனால் அவர் மேசைக்கடியில் ஒரு சின்ன ஹீட்டர் வைக்க முடியுமா என்று பார்க்க வேண்டும்.

அப்புறம் இரண்டாவது 150. இது உடல்நிலை அல்ல, மத நம்பிக்கை. சட்டமும் வேறு, ஆனால் "அளவுமீறிய சிரமம்" என்ற அதே சொல் அங்கேயும் வருகிறது. டி.டபிள்யூ.ஏ. விமான நிறுவனத்தின் கான்சாஸ் சிட்டி பராமரிப்புத் தளத்தில் உதிரிபாகக் கிடங்கு எழுத்தர் ஒருவர். சனிக்கிழமை அவர் மதப்படி ஓய்வுநாள். தளமோ வருடம் முழுக்க இரவும் பகலும் இயங்குவது. 1977-இல் உச்ச நீதிமன்றம், மத நம்பிக்கைக்கான ஏற்பாட்டில் அற்பமான செலவுக்கு மேல் போனாலே அது அளவுமீறிய சிரமம் என்றது. அந்த எழுத்தருக்குச் சனிக்கிழமை ஓய்வு கொடுத்திருந்தால் மூன்று மாதத்துக்கு ஆகியிருக்கக்கூடியது 150 டாலர் என்று, உடன்படாத நீதிபதி தர்கூட் மார்ஷல் கணக்குப் போட்டுக் காட்டினார். ஒரு விமான நிறுவனத்துக்கு! "அளவுமீறிய" என்ற சொல்லுக்கு அகராதியில் இருக்கும் பொருளுக்கும் அந்தத் தீர்ப்புக்கும் சம்பந்தமே இல்லை.

ஆனாலும் 46 வருடம் அது நின்றது. 2023 ஜூன் 29-இல்தான், பென்சில்வேனியாவில் ஞாயிற்றுக்கிழமை அமேசான் பார்சல் கொண்டுபோக மறுத்த ஒரு தபால்காரரின் வழக்கில், உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அளவுகோலை உயர்த்தியது. இனிமேல் முதலாளி காட்ட வேண்டியது, தன் குறிப்பிட்ட தொழிலை நடத்துவதோடு ஒப்பிடும்போது கணிசமாகக் கூடும் செலவு. தபால்காரர் ஜெயித்துவிட்டார் என்று சிலர் எழுதினார்கள்; அப்படி இல்லை, புது அளவுகோலால் அளந்து பாருங்கள் என்று வழக்கைக் கீழ் நீதிமன்றத்துக்குத் திருப்பி அனுப்பினார்கள். இந்த மாற்றம் நம் ஆட்களுக்கு நேரடியாகப் பொருந்தும். போன கார்த்திகையில் ஒரு நண்பர் மாலை போட்டுக்கொண்டு, மண்டலம் முழுக்க தாடியும் வெறுங்காலுமாக இருக்கப் போகிறேன், கம்பெனியில் கேட்கலாமா என்று என்னிடம் கேட்டார். கிடங்கில் வேலை. தாடிக்குக் கேளுங்கள், பெரும்பாலும் மறுக்க முடியாது, மூக்கை மூடும் பாதுகாப்புக் கவசம் போடுகிற வேலையானால் மட்டும் பேச்சு வரும் என்றேன். வெறுங்காலுக்கு ஃபோர்க்லிஃப்ட் ஓடும் தரையில் எந்த நீதிமன்றமும் உங்கள் பக்கம் வராது என்றேன். தோல் இல்லாத பாதுகாப்பு ஷூ கேட்டு வாங்கினார்.

எங்கள் படிவத்தை மாற்றிவிட்டேன். நிராகரிப்புக் கட்டத்துக்குப் பக்கத்தில் இப்போது ஒரு கோட்டுக்குப் பதில் அரைப் பக்கம் இடம் இருக்கிறது: நிகரச் செலவு, எதோடு ஒப்பிட்டீர்கள், ஊழியரோடு எந்தத் தேதியில் பேசினீர்கள், வேறென்ன ஏற்பாடு யோசித்தீர்கள். அரைப் பக்கம் எழுதச் சோம்பல்பட்டே பாதிப் பேர் ஒப்புதல் கட்டத்தில் டிக் அடித்துவிடுகிறார்கள் என்று எனக்குச் சந்தேகம்.

விஸ்கான்சின் தீர்ப்பை முதன்முதலாகப் படித்த அன்று மதியம், டேப்பை எடுத்துக்கொண்டு எங்கள் அலுவலகச் சமையலறைக்குப் போய்த் தொட்டியை அளந்தேன். பழைய கட்டடம். 36 அங்குலம்.